ஸ்கானில் ஒன்றுமில்லை, ஆனால் நோ நிற்கவில்லை

வாசகி கேட்பது:

“எனக்கு 24 வயது. வடமராட்சியிலிருந்து தினமும் யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். 13 வயதில் பெரியபிள்ளையானேன். முதல் சில வருடங்கள் மாதவிடாயின் முதல் நாள் மட்டும் வயிற்றுநோ இருந்தது, சமாளித்தேன். மூன்று வருடமாக அது மாறிவிட்டது. இரத்தம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அடிவயிறும் நாரியும் இழுத்துப் பிடிக்கத் தொடங்குகிறது. முதலிரண்டு நாளும் சத்தி, எழும்ப முடியாது, மாதாமாதம் லீவு போடுகிறேன். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உள்ளே குத்துகிறது. தாங்க முடியாதபோது இரண்டு பனடோல் போடுவேன், கேட்பதில்லை. தனியாரில் ஸ்கான் செய்து ‘எல்லாம் நோர்மல்’ என்றார்கள். ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது, கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் போய்விடும்’ என்கிறார் அம்மா. ஒரு டொக்டர் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை போடச் சொன்னார். கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைப் போட்டால் பிறகு பிள்ளை தங்காது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானா?”

மகளிர் நோயியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் எழுதியிருப்பது எல்லாப் பெண்களுக்கும் வருகிற நோ அல்ல. அப்படிச் சொல்வதற்குக் காரணம் நோவின் கடுமை மட்டுமல்ல. சாதாரண மாதவிடாய் நோவும் சிலருக்குச் சத்தி எடுக்க வைக்கும், பாயில் படுக்க வைக்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியவை வேறு மூன்று விடயங்கள். இரத்தம் வருவதற்குப் பல நாள் முன்பே நோ தொடங்குகிறது. வருடம் போகப்போகக் கூடியிருக்கிறது. மலம் கழிக்கும்போது குத்துகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், ஸ்கான் என்ன சொன்னாலும், உள்ளே காரணம் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும்.

சாதாரண நோ எப்படி நடந்துகொள்ளும்

மாதவிடாய் நெருங்கும்போது புரொஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோன் குறைகிறது. அப்போது கருப்பையின் உட்படலம் புரொஸ்டாகிளான்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது, அதற்குப் போகும் இரத்தக்குழாய்களையும் சுருக்குகிறது. இரத்தம் குறைந்த தசை நோகிறது. இதே பொருள் குடலையும் தூண்டுவதால்தான் சிலருக்கு முதல் நாளில் வயிற்றோட்டமும் சத்தியும் வருகின்றன. முதல் 48 மணித்தியாலங்களில் இதன் அளவு அதிகமாக இருக்கும், பிறகு குறைந்துவிடும்.

எனவே சாதாரண நோவுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. இரத்தம் வருவதற்குச் சில மணித்தியாலம் முன்போ, வரும்போதோ தொடங்கும். ஒரு நாளில் உச்சத்தைத் தொடும். இரண்டு மூன்று நாளில் அடங்கும். பெரியபிள்ளையாகி ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தொடங்கி, வயது கூடக்கூட அப்படியே நிற்கும் அல்லது குறையும். சூடு ஒற்றினால், சரியான மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டால் இறங்கும். 13 வயதிலிருந்து உங்களுக்கு இருந்தது அநேகமாக இந்த நோதான். 21 வயதில் அதன் மேல் வேறொன்று வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் என் ஐயம். பழைய நோவோடு புதியது கலந்து வருவதால் பலர் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

பின்னால் இருக்கக்கூடியது

முதலில் நினைக்க வேண்டியது எண்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, வயிற்றின் உள்ளுறையிலும் சூலகத்திலும் கருப்பையைப் பின்புறம் தாங்கும் நார்களிலும், பதிந்து வளர்வதுதான் இந்நோய். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஆகவே அரிய வருத்தம் இல்லை. இந்தத் திசுவும் மாதாந்த ஹோர்மோன்களுக்கு ஏற்ப மாறும். சுற்றியுள்ள இடம் அழற்சியடையும், காலப்போக்கில் தழும்பு விழும், ஒன்றோடொன்று ஒட்டாத உறுப்புகள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரத்தம் தொடங்கும் முன்பே நோகிறது, அதனால்தான் வருடாவருடம் கூடுகிறது. கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் இது பதிந்திருந்தால், மலம் அந்த வழியால் இறங்கும்போது குத்தும். மலச்சிக்கலாலும் மூலத்தாலும் கூட மலம் கழிக்கும்போது நோகலாம். ஆனால் அவை மாதம் முழுவதும் இருக்கும். மாதவிடாய் நாட்களில் மட்டும் வந்து போவது வேறு கதை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடினோமயோசிஸ் என்பது அதே திசு கருப்பையின் தசைக்குள்ளேயே புகுவது. 30 வயதுக்குப் பிறகுதான் கூடுதலாகக் காணப்படும், இளவயதிலும் வரலாம், இரத்தப்போக்கும் அதிகமாக இருக்கும். பைப்ரொயிட் கட்டிகள் இருந்தால் பெரும்பாலும் நோவைவிட இரத்தப்போக்கே முதலில் தெரியும், உங்கள் ஸ்கானில் அவை பிடிபட்டிருக்கும். இடுப்புக்குழித் தொற்றென்றால் துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதலோ காய்ச்சலோ சேரும். பிறவியிலேயே கருப்பையின் வழி அடைபட்டிருந்தால் பெரியபிள்ளையான முதல் ஓரிரு வருடத்திலேயே கடும் நோவாக வெளிப்படும். உங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அடையாளம் குறைவு.

அம்மாவுக்கும் இப்படி இருந்தது என்பதை வீட்டில் ஆறுதலாகச் சொல்கிறார்கள். நான் அதை இன்னொரு தடயமாக எடுக்கிறேன். தாய்க்கோ சகோதரிக்கோ எண்டோமெற்றியோசிஸ் இருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. அம்மாவின் காலத்தில் யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவரிடம் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள்: பிள்ளை பிறந்த பிறகு நோ உண்மையிலேயே நின்றதா, குறைந்து சில வருடத்தில் திரும்ப வந்ததா? பிள்ளை தங்குவதற்குச் சுணங்கியதா?

ஸ்கான் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை

மணமாகாதவர் என்பதால் உங்களுக்கு வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கான் செய்திருப்பார்கள். அதில் கருப்பையின் அளவு, பைப்ரொயிட், சூலகத்தில் உள்ள கட்டி ஆகியவை தெரியும். எண்டோமெற்றியோசிஸ் சூலகத்தில் பழைய இரத்தம் நிரம்பிய கட்டியாக வளர்ந்திருந்தால், அதாவது ‘சொக்லேற் சிஸ்ற்’ என்று சொல்வது இருந்தால், அதுவும் அநேகமாகத் தெரியும். ஆனால் வயிற்றின் உள்ளுறையில் சில மில்லிமீற்றர் அளவில் தூவிக் கிடக்கும் புள்ளிகள் எந்தச் சாதாரண ஸ்கானிலும் தெரியாது. ஆகவே உங்கள் அறிக்கையை நான் இப்படி வாசிப்பேன்: பெரிய கட்டி இல்லை, நல்ல செய்தி. எண்டோமெற்றியோசிஸ் இல்லை என்று அது சொல்லவில்லை. 2022இல் வெளிவந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியும், படங்களில் ஒன்றும் தெரியாததை வைத்து நோயை மறுக்கக்கூடாது என்றே சொல்கிறது.

சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனையை யாராவது எழுதித் தந்தால், இந்தத் தேவைக்காக அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அது கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் இந்த நோயை நிச்சயிக்காது.

பனடோல் ஏன் கேட்கவில்லை

இரண்டு காரணம். ஒன்று, பனடோல் கருப்பையில் புரொஸ்டாகிளான்டின் சுரப்பதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மெபனமிக் அசிட், ஐபுபுரோபன் போன்றவை அந்தச் சுரப்பையே தடுக்கும். மற்றது, நீங்கள் தாங்க முடியாத கட்டத்தில் போடுகிறீர்கள். இந்த மாத்திரைகள் இனிமேல் சுரப்பதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சுரந்துவிட்டதை இல்லாமல் செய்யாது. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது போலத்தான்.

முறை இதுதான். மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை, அல்லது ஐபுபுரோபன் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவை. இரண்டில் ஒன்று மட்டும், சேர்த்தல்ல. டைக்குளோபெனக்கும் அதே வகை, அதையும் மேலதிகமாகப் போடக்கூடாது. பனடோலை மட்டும் அளவோடு சேர்க்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். நோவோ இரத்தமோ எது முதலில் வருகிறதோ அப்போதே தொடங்கி, இரத்தம் வரும் முதல் இரண்டு நாள் முடியும் வரை நோ வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குப் போட வேண்டும். சத்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரை உள்ளே தங்காது. முந்திக்கொள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், நோ மாத்திரைக்கு இழுக்கும் ஆஸ்மா, இரத்தம் உறையாமைக்கான மருந்து, கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இவற்றைப் போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. கார்த்திகை, மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும். மாதவிடாய் நேரத்தில் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் இந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது, இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். அப்போது பனடோல் மட்டும், உடனே இரத்தப் பரிசோதனை.

சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றி அடிவயிற்றில் வைப்பது உண்மையிலேயே வேலை செய்யும். உழுத்தங்களி, வெந்தயக்கஞ்சியில் தவறில்லை, அவை சாப்பாடு. மருந்தென்று எண்ணி அவற்றை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்த மூன்று மாதவிடாய்

ஒரு சிறு கொப்பியில் நான்கு விடயம் எழுதுங்கள்: நோ தொடங்கிய திகதி, இரத்தம் தொடங்கிய திகதி, நோவுக்கு நீங்கள் பத்துக்குப் போடும் புள்ளி, மாத்திரை போட்ட நேரம். மலம், சலம் கழிக்கும்போது நொந்தால் பக்கத்தில் ஒரு அடையாளம். வேலைக்குப் போக முடியாத நாளைச் சுற்றி ஒரு வட்டம்.

உதாரணமாக, 14ஆம் திகதி இரத்தம் வர வேண்டியிருக்க, 11ஆம் திகதி மாலை நாரி இழுக்கத் தொடங்குகிறது என்று வைப்போம். அன்றிரவு சாப்பிட்ட பிறகு முதல் மாத்திரை, 12ஆம் திகதியிலிருந்து மூன்று வேளை, 15ஆம் திகதி இரவோடு நிறுத்தம். அதற்கு மேலும் நாட்கணக்காகப் போட வேண்டி வந்தால் அதுவே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. இப்படி மூன்று மாதம் செய்த பிறகு கொப்பியைப் பார்த்தால் படம் தெளியும். 14, 15ஆம் திகதிப் பிடிப்பு எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கி, 11, 12ஆம் திகதி நோவும் மலம் கழிக்கும்போது குத்துவதும் அப்படியே நின்றால், கருப்பைப் பிடிப்பு மாத்திரைக்குக் கேட்டிருக்கிறது, மற்றது கேட்கவில்லை. எல்லாமே இறங்கி நீங்கள் வேலைக்குப் போனால் நல்லது, ஆனாலும் அதை மட்டும் வைத்து எண்டோமெற்றியோசிஸ் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றுமே இறங்காவிட்டால் அடுத்த படி மாத்திரையைக் கூட்டுவது அல்ல.

வேறு யாருக்காவது எழுதினால் ‘மூன்று மாதம் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கொப்பியை இந்த மாதமே தொடங்குங்கள், கிளினிக்குக்கும் இப்போதே போங்கள். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ் போதனா வைத்தியசாலைக்கோ மகளிர் நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம். அங்கு காசு இல்லை. உள்ளே போனதும் ‘வயிற்றுநோ’ என்று தொடங்காதீர்கள். “இரத்தம் வர மூன்று நாள் முன்பே நோகுது, மலம் போகேக்க குத்துது, மூன்று வருடமாக் கூடிக்கொண்டு வருது, மாதம் இரண்டு நாள் லீவு போடுறன்” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். நெரிசலான கிளினிக்கில் முதல் அரை நிமிடத்தில் சொல்வதுதான் பதியும்.

உள்ளே பரிசோதிப்பார்களோ என்ற பயத்தில் பலர் கிளினிக்குக்கே போவதில்லை. உடலுறவு கொண்டிராதவர்களுக்குப் பெண்ணுறுப்பு வழியான பரிசோதனையோ ஸ்கானோ வழமையாகச் செய்வதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், சலம் நிரம்பிய நிலையில் மேலால் ஸ்கான் செய்வார்கள். கூடுதல் விளக்கம் தேவையென்றால் மலவாசல் வழியான ஸ்கானோ எம்ஆர்ஐயோ சொல்லலாம். எதையும் உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த மாத்திரையும் கலியாணமும்

டொக்டர் சொன்னது தவறான யோசனை இல்லை. இங்கே அந்த மாத்திரையின் வேலை கருத்தடை அல்ல. முட்டை வெளிவருவதை நிறுத்தி, உட்படலத்தை மெல்லியதாக்குகிறது. படலம் மெலிந்தால் புரொஸ்டாகிளான்டின் குறையும், வெளியே பதிந்த திசுவும் அடங்கியிருக்கும். இப்போது எண்டோமெற்றியோசிஸ் ஐயம் வலுவாக இருந்தால், வயிற்றைத் துளைத்து லப்பிரஸ்கோப்பியில் பார்த்து நிச்சயித்த பிறகுதான் மருந்து என்று காத்திருப்பதில்லை. மருந்தைத் தொடங்கி, மூன்று முதல் ஆறு மாதத்தில் பலன் பார்க்கிறோம். பலன் இல்லாவிட்டால், சூலகத்தில் கட்டி வந்தால், பிள்ளை தங்கச் சுணங்கினால் லப்பிரஸ்கோப்பியைப் பற்றி யோசிக்கலாம். சூலகக் கட்டியை வெட்டி எடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகக்கூடும் என்பதால் அதில் அவசரப்படக் கூடாது.

மாத்திரையை நிறுத்தினால் முட்டை வெளிவருவது திரும்பும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள். அது பிள்ளை தங்கும் திறனைக் கெடுப்பதில்லை. தடையாக வரக்கூடியது நோய்தான், அதுவும் எல்லோருக்கும் அல்ல. எண்டோமெற்றியோசிஸ் உள்ள பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கருத்தரிக்கிறார்கள். ஆனால் கண்முன் மின்னல் போலத் தெரிந்து வரும் மைக்கிரேன் தலையிடி, கூடிய இரத்த அழுத்தம், காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் கட்டியது, கடுமையான ஈரல் வருத்தம் ஆகியவை இருந்தால் ஈஸ்ரஜன் கலந்த மாத்திரை கூடாது. ஈரல் வருத்தம் தவிர்ந்த மற்றவற்றில் பெரும்பாலும் புரொஜெஸ்ரரோன் வகை மட்டும் உள்ளவற்றைப் போடலாம். டயனோஜெஸ்ற் 2 மில்லிகிராம் தினமும் ஒன்று அவற்றில் ஒன்று. முதல் சில மாதம் இடையிடையே இரத்தம் தீற்றும், மாத்திரை கேட்கவில்லை என்று அதற்காக நிறுத்திவிடாதீர்கள். டயனோஜெஸ்றைக் கருத்தடையாக நம்பவும் கூடாது.

கலியாணம் பற்றி அம்மா சொல்வதில் பாதி உண்மை உண்டு. சாதாரண நோ பிள்ளை பிறந்த பிறகு சிலருக்குக் குறைகிறது. எண்டோமெற்றியோசிஸ் அப்படியல்ல. கர்ப்பகாலத்தில் மாதவிடாய் இல்லாததால் அடங்கியிருந்து, பிறகு பலருக்குத் திரும்புகிறது. கருப்பைக்குப் பின்னால் பதிந்திருந்தால் உடலுறவின்போது ஆழத்தில் நோகும். திருமணம் முடித்து முதல் மாதத்தில் காரணம் தெரியாமல் இரண்டு பேரும் தவிப்பதைவிட, இப்போதே சிகிச்சை தொடங்குவது நல்லது.

கலியாண நாள் குறித்தால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்துத் தெரிவு அதற்கேற்ப மாறும். அடுத்த ஒரு வருடத்துக்குள் பிள்ளை வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசி உங்களுக்குப் பொருந்தாது, நிறுத்திய பிறகு கருத்தரிக்க ஒரு வருடம் வரை சுணங்கலாம். மாத்திரையில் அந்தச் சிக்கல் இல்லை. பிள்ளைக்கு முயலத் தொடங்கும்போது அதை நிறுத்துங்கள், போலிக் அசிட் தொடங்குங்கள். வழமையான ஒரு வருடம் வரை பார்த்திருக்காமல், ஆறு மாதத்தில் தங்காவிட்டால் கிளினிக்குக்கு வாருங்கள்.

உடனே போக வேண்டிய நேரம்

மாதவிடாய் நாளாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி: ஒரு பக்கத்தில் திடீரென்று வெட்டுவது போன்ற நோ, மயக்கம், நோவோடு காய்ச்சல், மணித்தியாலத்துக்கு ஒரு பாட் முழுதாக நனைந்து இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்வது, மாதவிடாய் தள்ளிப்போய் நோவோடு இரத்தம் தீற்றுவது. கட்டி உடைவது, சூலகம் முறுகுவது, குழாயில் கருத்தங்குவது ஆகியவை இப்படித்தான் வெளிப்படும். கிளினிக் நாள் பார்க்காமல், நோ மாத்திரை போட்டுப் படுத்துப் பார்க்காமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.